எட்டு நிலைகள்: ஜான்சன் கவுண்டரா, பைனரி கவுண்டரா?

எட்டு நிலைகளையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க, பைனரி கவுண்டருக்கு 3 ஃப்ளிப்-ஃப்ளாப் போதும். ஜான்சனுக்கு (A, B, C, D) 4 வேண்டும். ஆனால் பைனரியில் ஒவ்வொரு நிலைக்கும் மூன்று பிட்டுகளையும் பார்க்கணும். இரண்டு உள்ளீட்டு AND கேட் மட்டும் என்றால், பொதுவானவற்றைப் பகிர்ந்தாலும் 12 ஆகும். ஜான்சனில் 8 போதும்:

```
0000 A'D'   1111 AD
1000 AB'    0111 A'B
1100 BC'    0011 B'C
1110 CD'    0001 C'D
```

1களும் 0களும் சந்திக்கும் எல்லை ஒவ்வொரு நிலையிலும் வேறு இடத்தில் இருப்பதால், அந்த இரண்டு பிட்டுகளே அடையாளம்.

எனக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறு. பைனரியில் 011 → 100 போகும்போது மூன்று பிட்டும் மாறும். ஒன்று கொஞ்சம் பிந்தினாலே வேறொரு வெளியீட்டில் பொய்த்துடிப்பு வரும். ஜான்சனில் ஒரு பிட்தான் மாறுகிறது, அந்தத் தொல்லை இல்லை.

சரி, சிக்கல் எங்கே? மீதி 8 நிலைகளில். பவர் போட்டதும் 0100-இல் விழுந்தால் A'D', BC', A'B மூன்றும் சேர்ந்து எரியும். அப்புறம் 1010, 1101 என்று தவறான வட்டத்திலேயே சுற்றும், தானாக மீளாது. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எல்இடி எரிந்தால் இதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள். தொடக்க ரீசெட் கட்டாயம் வையுங்கள். CD4017-இல் இதற்கான திருத்தச் சுற்று உள்ளேயே இருக்கிறது.