காட்பாடி ஸ்டேஷன் ஸ்கூட்டர்: எட்டு மாதத்துக்குப் பிறகு

காட்பாடி ஸ்டேஷனில் ஆப் வழியாக எடுக்கும் வாடகை ஸ்கூட்டருக்கு மாத பாஸ் விலையைக் குறைத்ததும் ஆபீஸ் நண்பர் கேட்டார்: "நீங்கதான் ரொம்ப நாளா ஓட்டுறீங்களே, எடுக்கலாமா?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ரயிலில் காட்பாடி, அங்கிருந்து காந்தி நகர். என் வண்டி குடியாத்தம் ஸ்டாண்டிலேயே நின்றுவிடுவதால் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு வாடகை வண்டிதான். முதலில் அதே ஆப்பில் மிதிவண்டி எடுத்தேன். வேலூர் மே மாத வெயிலில் காலை ஒன்பது மணிக்கே சட்டை நனைந்துவிடும். ஒரு வாரத்தில் மின்சார ஸ்கூட்டருக்கு மாறினேன். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத ரகம், லைசென்ஸ் வேண்டாம். சிலருக்கு இந்த வேகம் எரிச்சல். எனக்கு வேர்க்காமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

பாஸ் இல்லாத நாட்களில் திறக்க 10 ரூபாய், பிறகு நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய். பத்து நிமிடத்துக்கு 25 ரூபாய் ஆகும். ஆட்டோவில் அதைப்போல் மூன்று மடங்கு கேட்பார்கள்.

எரிச்சல் வண்டியை விடும்போதுதான். ஸ்டேஷனில் ஸ்கூட்டர் கம்பெனி குறித்த இடம் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் இருக்கிறது. ஒரு சாயங்காலம் அங்கே நிறுத்தி, பூட்டி, பயணத்தை முடிக்கத் தொட்டால், "மண்டலத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்" என்கிறது. நான் நிற்பது மஞ்சள் கோட்டுக்குள். வரைபடத்தில் புள்ளி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்! ரயில் வர ஆறு நிமிடம். நான்கு முறை தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே ஓடிவிட்டேன். வீட்டுக்குப் போய் கஸ்டமர் கேரைப் பிடித்து முடிக்கச் சொன்னபோது 94 நிமிடம் ஆகியிருந்தது. 151 ரூபாய்.

வண்டிகளை அடுக்க வரும் பையன்தான் காரணம் சொன்னான். "அண்ணா, அது உங்க போன் இருக்கிற இடத்தைப் பாக்காது. வண்டிக்குள்ள இருக்கிற ஜிபிஎஸ்ஸைத்தான் பாக்கும்." தகரத்துக்கு அடியில் அதற்குச் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை, சுவரில் பட்டுத் தெறித்து வருவதை வைத்து இடத்தைத் தப்பாகக் கணக்குப் போடுகிறது. அதனால் இப்போது ஷெட்டுக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில், ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். புள்ளி நகர்ந்து சரியான இடத்துக்கு வந்ததும் கூரை விளிம்புக்குள் முன்சக்கரம் மட்டும் நுழையும்படி தள்ளி, உடனே முடித்துவிடுகிறேன். அப்படியும் பத்துக்கு ஒரு முறை அடம் பிடிக்கும். அப்போது நேரமும் வண்டி எண்ணும் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு ரயிலேறுவேன். அதைக் காட்டினால் நாலு நாளில் பணம் திரும்புகிறது.

கம்பெனிக்கு இதை எழுதி ஐந்து மாதம். ஷெட் அங்கேயேதான் இருக்கிறது, மண்டலத்தைப் பத்தடி வெளியே வரைய யாருக்கும் நேரமில்லை.

நண்பரிடம் "வேண்டாம், ஷேர் ஆட்டோவிலேயே வாங்க" என்றேன். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே பாஸைப் புதுப்பித்தேன். அவர் பார்த்துவிட்டார்.