மேலுரம் எப்போது போடலாம்: நாள் கணக்கா, மண்வள அட்டையா, நைட்ரேட் பட்டையா?

நீலகிரியில் கேத்தி, பாலாடா பக்கம் கோஸ் போடுகிறவர்களில் பெரும்பாலோர் மேலுரத்துக்கு நாள் பார்ப்பார்கள். நாற்று நட்டு முப்பது நாள் ஆனதும் களை எடுத்து, யூரியா வைத்து, மண் அணைத்துவிடுவார்கள். சிலர் மண்வள அட்டையைப் பார்த்துவிட்டு அளவைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். இவை இரண்டோடும் மூன்றாவதாக ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மண்ணைக் கரைசலில் குலுக்கி, தெளிந்த நீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து, நிறம் மாறுவதைப் பார்த்து முடிவெடுக்கும் முறை அது. முட்டைக்கோசை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் ஒரு மாதம் தழைச்சத்தை மெதுவாக எடுத்து, இலை குவியத் தொடங்கும்போது திடீரென்று நிறையக் கேட்கிற பயிர் என்பதால், நேரம் தப்பினால் அதில் உடனே தெரியும்.

நாள் கணக்கை லேசாக எடைபோட வேண்டாம். மலைப்பகுதிக் கோசுக்கான சிபாரிசு அடியுரமாக ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து, 30 முதல் 45 நாளுக்குள் மேலுரமாக 45 கிலோ. இந்த 45 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 40 கிலோ யூரியா, அதாவது ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. செலவில்லாத முறை, பயிர் கேட்கும் காலத்தோடும் ஏறக்குறைய பொருந்துகிறது. ஆனால் மண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பது நாட்காட்டிக்குத் தெரியாது. போன போகத்தில் உருளைக்குக் கோழி உரம் கொட்டிய பாத்தியும், கேரட் எடுத்த வெறும் பாத்தியும் அதற்கு ஒன்றுதான். நடவுக்குப் பின் இரண்டு நாள் அடித்துப் பெய்த மழையும் அதன் கணக்கில் வராது.

மண்வள அட்டையின் சிக்கல் வேறு மாதிரி. ஆய்வகத்தில் தழைச்சத்தைப் பெரும்பாலும் பெர்மாங்கனேட் முறையில் பார்க்கிறார்கள். எளிதில் சிதையக்கூடிய கரிமப் பொருளில் உள்ள சத்தும் அதில் சேர்ந்து வந்துவிடும். தமிழ்நாட்டு அளவுகோலில் ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே குறைவு, 450-க்கு மேலே அதிகம். நீலகிரியின் கருத்த மேல்மண்ணில் மக்கு நிறைய இருப்பதால் ‘அதிகம்’ என்று வருவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சத்து பயிருக்குக் கிடைக்க நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துத் தர வேண்டும். குளிரில் அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். அட்டையில் ‘அதிகம்’ என்றிருக்க, வயலில் கோஸ் வெளிறி நிற்பது இதனால்தான். போதாததற்கு மாதிரி எடுத்து, நிழலில் உலர்த்தி, அனுப்பி, முடிவு வருவதற்குள் மேலுரக் காலமே போய்விடும். கார அமில நிலை, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றுக்கு அட்டைதான் சரி. இந்த வாரம் யூரியா வைக்கலாமா என்று அதனிடம் கேட்பதில் பயனில்லை.

இலை நிறம் பார்ப்பதையும் சிலர் சொல்வார்கள். நெல்லுக்கு இலை வண்ண அட்டை நன்றாகவே உதவுகிறது, கோசுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. கீழிலை மஞ்சளானால் அமில மண்ணில் மக்னீசியம் குறைவாகவும் இருக்கலாம். தழைச்சத்தே காரணம் என்றாலும், கண்ணுக்குத் தெரியும்போது பயிர் ஏற்கெனவே பின்தங்கியிருக்கும்.

சரி, பட்டைக்கு வருவோம். மேலுரத்துக்கு முன் மண்ணின் நைட்ரேட்டைப் பார்ப்பது என்ற யோசனை 1984-இல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் மக்காச்சோளத்துக்காக வந்தது. கலிபோர்னியாவின் காய்கறி வயல்களில் அதைப் பட்டையோடு இணைத்து எளிமையாக்கினார்கள். வேர் மண்டலத்தில், நைட்ரேட்டாக உள்ள தழைச்சத்து 20 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சம் பங்கு மண்ணில் 20 பங்குக்கு மேல் இருந்தால் இப்போது உரம் வேண்டாம், கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம் என்பதுதான் அந்த முறையின் சாரம்.

செய்முறை சின்னதுதான். 4 லிட்டர் வாலை வடிநீரில் 6 கிராம் கால்சியம் குளோரைடைக் கரைத்துக்கொள்ளுங்கள். களிமண் சீக்கிரம் படிந்து மேல்நீர் தெளிவதற்காகத்தான் இந்த உப்பு. நட்டு 25 நாள் வாக்கில், ஒரு பாத்தித் தொகுதியில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஓரடி ஆழத்துக்கு மண் எடுங்கள். அடியுரம் வைத்த கோட்டில் எடுக்கக் கூடாது, அது பொய்யாக உயர்த்திக் காட்டும். டெரஸ் வயலில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மலையை வெட்டிய உள்பக்கத்தில் அடிமண் மேலே வந்திருக்கும், நிரப்பிய வெளிப்பக்கத்தில் மேல்மண் குவிந்திருக்கும். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஓர் எண்தான் வரும், தனித்தனியாகப் பாருங்கள்.

எடுத்த மண்ணைக் கட்டி உடைத்துக் கலந்து, அன்றைக்கே சோதித்துவிடுங்கள். ஈர மண்ணைக் கவரில் கட்டி வைத்தால் நைட்ரேட் மாறிவிடும். அளவுக் கோடு போட்ட குழாயில் 30 மில்லி வரை கரைசல் ஊற்றி, மட்டம் 40-ஐத் தொடும்வரை ஈர மண்ணைப் போடுங்கள். மூடி, கட்டி எல்லாம் கரையும்வரை குலுக்கி, தெளிய விடுங்கள். மேல்நீரில் பட்டையை ஒரு நொடி நனைத்து உதறி, டப்பாவில் சொல்லியுள்ள நேரம், வழக்கமாக ஒரு நிமிடம், கழித்து நிறத்தை ஒப்பிடுங்கள். வெள்ளைத் துண்டு இளஞ்சிவப்பிலிருந்து ஊதா வரை மாறும். தாமதித்துப் பார்த்தால் நிறம் ஏறிக்கொண்டே போகும். பட்டை காட்டுவது கரைசலிலுள்ள நைட்ரேட்டின் அளவு. ஈரமான இருபொறை மண்ணுக்கு அதை இரண்டால் வகுத்தால் மண்ணிலுள்ள நைட்ரேட் தழைச்சத்து பிபிஎம்மில் வரும். ஆக, பட்டையில் 40 என்பதுதான் நம் எல்லைக்கோடு.

இங்கேதான் தொல்லை. பல பட்டைகளின் நிற அட்டையில் 25-க்கு அடுத்தது 50. நமக்கு வேண்டிய 40 அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. சொட்டுநீருக்கு வாங்கும் 13-0-45 பொட்டாசியம் நைட்ரேட்டை 7 கிராம் எடுத்து 4 லிட்டர் வாலை வடிநீரில் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 1000 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும். அதில் 40 மில்லி எடுத்து ஒரு லிட்டராக்கினால் சரியாக 40. மண் நீரில் ஒரு பட்டை, இந்த 40-இல் ஒரு பட்டை, இரண்டையும் ஒரே நேரத்தில் நனைத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மண் பட்டை வெளிறியிருந்தால் உரம், அடர்ந்திருந்தால் பொறுத்திருத்தல். அச்சிட்ட அட்டையை விட இதை நம்பலாம். பட்டை கெட்டுப்போயிருந்தாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டால் வகுப்பது நம் மண்ணுக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. மக்கு மிகுந்த மலை மண் நிறைய நீர் பிடிக்கும், எடையும் குறைவு. பத்து மில்லி இடத்தை அடைக்கும் ஈர மண்ணில் உலர்ந்த மண் குறைவாகவே இருக்கும். உலர்ந்த மண்ணின் எடையில் கிட்டத்தட்ட பாதியளவு நீர் இருந்தால், வகுக்க வேண்டிய எண் ஒன்றரைக்கு அருகில் போய்விடும். பட்டை 35 காட்டினால் இரண்டால் வகுத்து 17.5, உரம் வேண்டும். ஒன்றரையால் வகுத்து 23, வேண்டாம். எது சரி?

அவசரப்பட்டு ஒன்றரைக்கு மாறாதீர்கள். 20 பிபிஎம் என்ற எல்லை கனமான மண்ணில் பிறந்தது. அங்கே ஓரடி ஆழத்தில் ஒரு பிபிஎம் என்பது ஹெக்டேருக்கு ஏறக்குறைய 4 கிலோ. ஒரு லிட்டர் டப்பாவைப் பாத்தியில் அழுத்தி எடுத்து, அந்த மண்ணை உலர்த்தி நிறுத்தால் 1300 கிராம் வரும் மண் அது. நம் மண் 850 கிராம்தான் வந்தால், ஒரு பிபிஎம் என்பது இரண்டரை கிலோ மட்டுமே. அப்போது 23 பிபிஎம் என்பது 60 கிலோவுக்குக் கீழே, கனமான மண்ணின் 20 பிபிஎம் 80 கிலோவுக்கு அருகே. அதாவது இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசையில் இழுத்து, ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டுகின்றன. ஒன்றை மட்டும் திருத்தினால்தான் கணக்கு கெடும். என் கருத்தில், முழுக்க எடை போட்டுக் கணக்கிடப் பொறுமை இல்லாதவர்கள் இரண்டு, இருபது என்ற பழைய ஜோடியையே வைத்துக்கொள்ளலாம்.

தலா ஐம்பது சென்ட் கொண்ட இரண்டு டெரஸை எடுத்துக்கொள்வோம், கடைபோகக் கோஸ். மேல் டெரஸில் பட்டை 20, அதாவது 10 பிபிஎம். எல்லைக்கு இன்னும் 10 குறைவு. ஒரு பிபிஎம்மை ஈடுகட்ட ஏக்கருக்குச் சுமார் மூன்றரை கிலோ யூரியா என்று வைத்தால் ஏக்கருக்கு 35, அரை ஏக்கருக்குப் பதினேழரை கிலோ. நாள் கணக்குச் சொல்லும் இருபதுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, பட்டை பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. கோழி உரம் கண்ட கீழ் டெரஸில் பட்டை 50-ஐத் தாண்டுகிறது. இங்கே யூரியா வேண்டாம், பத்து நாள் கழித்துப் பார்க்கலாம். நடுவில் வடகிழக்குப் பருவமழை கொட்டி, மறுசோதனையில் 25 காட்டினால், 12.5 பிபிஎம். குறை ஏழரை, அரை ஏக்கருக்கு 13 கிலோ. முப்பதாம் நாளே 20 கிலோ வைத்திருந்தால் அதிலும் ஒரு பங்கு மழையோடு ஓடைக்குப் போயிருக்கும். அப்படி மழை பெய்யாமல் 50-லேயே நின்றால், அந்த மேலுரமே தேவைப்படாமல் போகலாம்.

பட்டை கைவிடும் இடங்களும் உண்டு. அது நைட்ரேட்டை மட்டுமே பார்க்கும், அம்மோனிய வடிவத் தழைச்சத்து அதன் கண்ணில் படாது. அமிலமும் குளிரும் சேர்ந்த மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாற வாரக்கணக்கில் ஆகும். ஆகவே யூரியாவோ 17:17:17-ஓ புதுக் கோழி உரமோ போட்ட மூன்று வாரத்துக்குள் பட்டை குறைவாகக் காட்டினால் அதை நம்பி மறுபடி உரம் வைக்கக் கூடாது. அதேபோல் சோதித்த பிறகு கனமழை பெய்தால் பழைய எண் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும்.

உரக்கணக்கு நன்றாகத் தெரிந்த, எப்போதும் ஒரே மாதிரி எரு போடும் மெலிந்த மண்ணுக்கு நாள் கணக்கே போதும், பட்டைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். எருவும் மழையும் பாத்திக்குப் பாத்தி மாறுகிற இடத்தில்தான் அது தன் விலையைத் திருப்பித் தரும். ஒருவருக்கு ஒரு டப்பா அதிகம் என்றால் பக்கத்து வயல்காரர்கள் நாலு பேராகச் சேர்ந்து வாங்குங்கள். திறந்த டப்பாவுக்குள் மூடுபனி ஈரம் ஏறினால் பட்டை சீக்கிரம் கெடும். ஈரமில்லாத விரலால் ஒன்றை எடுத்து உடனே மூடி, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் அந்த 40 கரைசலைப் புதிதாகக் கலக்கி ஒரு பட்டையை நனைத்துப் பாருங்கள். நிறம் 25-க்கும் 50-க்கும் நடுவே வராவிட்டால் டப்பாவை மாற்றிவிடுங்கள்.