குழுவிலேயே சொல்வதா, தனியாகச் சொல்வதா?

"தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் விடாமல் பலமாக இருமுங்கள், உயிர் பிழைக்கலாம்." பல வருடமாகச் சுற்றும் இந்த வாட்ஸ்அப் செய்தியை நண்பன் ஒருவன் எங்கள் பழைய வகுப்புத் தோழர்கள் குழுவில் போட்டான். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இப்போது என்ன செய்வது?

முதல் வழி, அந்தச் செய்திக்கு அடியிலேயே "இது பொய்" என்று பதில் போடுவது. வேகம் இதற்குத்தான் அதிகம், எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் பதிலோடு அவன் பெயரும் சேர்ந்தே தெரியும். இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டால் போதும், அவன் செய்தியை விட்டுவிட்டுத் தன் மானத்துக்காக வாதாட ஆரம்பிப்பான்.

அட்மினிடம் சொல்லி அழிக்க வைக்கலாம். நாசூக்கான வழி மாதிரித்தான் தெரியும், ஆனால் அட்மின் அழித்தார் என்ற வரி அங்கேயே நிற்கும். படித்தவர்கள் நம்பியதும் அப்படியே இருக்கும்.

என் ஓட்டு தனிச்செய்திக்கு. ஆனால் "ஏன்டா இதையெல்லாம் நம்புற?" என்று தொடங்கினால் குழுவில் திட்டியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் எழுதியது இது:

"டேய், அந்த இருமல் மெசேஜ் எனக்கும் முன்னாடி வந்திருக்கு. அதுல துளி உண்மையும் இருக்கு. ஆஸ்பத்திரியில் மானிட்டர் மாட்டியிருக்கும்போது இதயத்துடிப்பு திடீர்னு தாறுமாறானா, டாக்டரே சில நொடி இருமச் சொல்றது உண்டு. வீட்டில் நெஞ்சு வலிச்சா அது உதவாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுற நேரம்தான் போகும். நீயே குழுவில் ஒரு வரி போட்டுடேன்."

அந்தத் துளி உண்மையை ஒத்துக்கொண்டதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். அவன் முட்டாள் இல்லை, பாதி உண்மையில் ஏமாந்தவன். செய்தியின் மேலிருந்த இரட்டை அம்புக்குறியும் அதைத்தான் காட்டியது: பல கை மாறி வந்த சரக்கு, அவன் எழுதியதல்ல.

அவன் உடனே அழிக்கப் போனான். நான்தான் தடுத்தேன். அனுப்பியவரே எல்லோருக்கும் அழிக்க வாட்ஸ்அப் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக அவகாசம் தருகிறது, ஆனால் அதற்குள் வேறு குழுக்களுக்குப் போன பிரதிகள் அழியாது. முதலில் திருத்தத்தைப் போடு, அப்புறம் அழி என்றேன். "நான் போட்ட இருமல் விஷயம் தப்பாம். நெஞ்சு வலின்னா உடனே ஆம்புலன்ஸ்" என்று போட்டான். யாரும் கிண்டல் செய்யவில்லை.

தனிச்செய்தியில் உள்ள குறை தாமதம். அவன் ஆன்லைனுக்கே வராமல் இருந்தால்? சாதாரண வதந்தி என்றால் மறுநாள் வரை விடலாம். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க மாட்டேன். அவன் செய்திக்கு அடியில் பதில் போடாமல், பெயரும் சொல்லாமல், "இருமல் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது, நானும் ஒரு காலத்தில் நம்பியதுதான்" என்று குழுவில் புதிதாக ஒன்று எழுதுவேன். யாரைச் சொல்கிறேன் என்று நாலு பேருக்குப் புரியத்தான் செய்யும். அதனால் போடுவதற்கு முன்பே "குழுவில் பொதுவா ஒண்ணு போடுறேன்டா, தப்பா எடுத்துக்காதே" என்று அவனுக்குத் தனியாக ஒரு வரி.