கதவிடுக்கைப் பார்த்து லோகோவை வளைப்பது: வேன் படங்களில் நெடுநாள் பழகிய முறை

வண்டிகளில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன், ஒட்டினால் எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்குப் படத்தில் காட்டுவது என் வேலையில் பெரும்பகுதி. இதற்குப் பல ஆண்டுகளாக போட்டோஷாப்பைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் இந்த வேலைக்கு நின்று உழைக்கும் கருவிகள் சில. பெயர் பெற்றிருந்தும் கார் கதவுக்குப் பொருந்தாதவை சில. இரண்டையும் காரணத்தோடு சொல்கிறேன்.

பொருந்தாததிலிருந்து தொடங்குகிறேன். வளைந்த பரப்பில் படம் பதிக்க வேண்டும் என்றாலே பலரும் Displace என்ற வடிகட்டியைச் சொல்வார்கள். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வரைபடமாக எடுத்துக்கொள்ளும். அந்தப் படத்தில் நடுச்சாம்பல், அதாவது 128 என்ற அளவு உள்ள இடத்தில் லோகோ அசையாது. அதைவிட வெளிச்சமான இடத்தில் ஒரு பக்கமும், இருண்ட இடத்தில் எதிர்ப்பக்கமும் நகரும். சட்டைத் துணிக்கு இது அருமையாகப் பொருந்துகிறது. துணியில் மடிப்பு இருக்கும் இடத்தில்தான் நிழல் விழுகிறது; வெளிச்ச வேறுபாடு துணியின் வடிவத்தையே சொல்கிறது. பளபளப்பான கதவுத் தகடு அப்படியல்ல. அதில் தெரியும் வெளிர்ப்பட்டை வானத்தின் பிம்பம். கருமையான பட்டை தரையின், எதிரே நிற்கும் மரங்களின் பிம்பம். படம் எடுப்பவர் சற்றே குனிந்தால் அந்தப் பட்டை மேலோ கீழோ நகர்ந்துவிடும். கதவு அப்படியேதான் இருக்கும். ஆகவே வெளிச்சத்தைக் கொண்டு லோகோவை வளைத்தால், அது கதவின் மீது வளையாமல் தொடுவானக் கோட்டின் மீது வளைகிறது. எழுத்துகளின் நடுவே காரணமே இல்லாத ஒரு நெளிவு தெரிந்தால், பெரும்பாலும் இந்த வடிகட்டியின் வேலையாகத்தான் இருக்கும்.

வெளிச்சத்தை நம்ப முடியாது என்றால், கதவின் உண்மையான வளைவை எதிலிருந்து படிப்பது? கதவிடுக்கிலிருந்து. முன்கதவுக்கும் பக்கவாட்டு நகரும் கதவுக்கும் இடையே மேலிருந்து கீழாக ஓடும் அந்த மெல்லிய கருங்கோடு, வேனின் உடலைக் குறுக்காக வெட்டிய கோடு. நேர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் அது நேர்கோடாகத் தெரியும். நமக்கு எதையும் சொல்லாது. முன்புறம் சாய்வாக நின்று எடுத்த படத்தில் அதே கோடு வில்லாக வளைந்து தெரியும். அந்த வளைவுதான் கதவுத் தகட்டின் பக்கத் தோற்றம். எங்கே தகடு வெளியே புடைக்கிறது, எங்கே மடிப்பு வரி ஓடுகிறது, எங்கே உள்ளே சரிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. லோகோவில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஒவ்வொரு கோடும் அந்த இடுக்கின் வளைவையே பின்பற்ற வேண்டும். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு மற்றவை எல்லாம் எளிதாகிவிடுகின்றன. ஓர் எச்சரிக்கை: முன்கதவின் முன்பக்க இடுக்கு பல வண்டிகளில் சாய்வாகவோ உடைந்த கோடாகவோ வெட்டப்பட்டிருக்கும். அது குறுக்குவெட்டைக் காட்டாது. நடுத்தூண் இருக்கும் இடத்து இடுக்கையே பார்க்க வேண்டும்.

ஒரு வேலையை முழுதாகச் சொன்னால் விளங்கும். வெள்ளை வேன், முன்புறச் சாய்வுக் கோணத்தில் எடுத்த படம். நகரும் கதவின் நடுவில் கருநீல வட்டச் சின்னம் வர வேண்டும். அதற்குக் கீழே நிறுவனத்தின் பெயர் முன்கதவில் தொடங்கி, இடுக்கைத் தாண்டி, நகரும் கதவில் முடிய வேண்டும். கைப்பிடி உயரத்தில் ஒரு மடிப்பு வரி ஓடுகிறது. அடியில் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை.

லோகோவை நேராகப் படத்தில் போடுவதில்லை. முதலில் ஒரு Smart Object உருவாக்கி, அதனுள் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் கட்டம் வரைகிறேன். கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து வாங்கிக்கொண்டால் கட்டத்தின் அளவு உண்மை அளவாகிவிடும். அந்தக் கட்டத்தைத்தான் கதவின் மேல் பொருத்துகிறேன். லோகோவைவிடக் கட்டம் நல்லது. வட்டச் சின்னம் சற்றுக் கோணலாக அமர்ந்தாலும் கண் ஏமாந்துபோகும். கட்டத்தின் கோடு இடுக்கோடு ஒத்துப்போகாவிட்டால் உடனே தெரியும்.

முதலில் Ctrl+T கொடுத்து, Ctrl-ஐ அழுத்தியபடியே நான்கு மூலைகளை மட்டும் இழுத்துத் தொலைவுக் குறுக்கத்தைச் சரிசெய்கிறேன். ஜன்னலின் அடிக்கோடும் கதவின் அடிவிளிம்பும் தொலைவில் நெருங்கிவருகின்றன. கட்டத்தின் படுக்கைக் கோடுகள் இந்த இரண்டுக்கும் இடையே சீராகச் சாய்ந்துவர வேண்டும். அடிவிளிம்பை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் அதற்கு இணையாக வைத்தால், மேல்வரி எழுத்துகள் கதவை விட்டுப் பிரிந்து மிதப்பதுபோல் தெரியும். நகரும் கதவின் நடு எது என்று அறிய, நான்கு மூலைகளையும் குறுக்காக இணைத்து இரண்டு மூலைவிட்டங்கள் வரைகிறேன். அவை வெட்டும் இடமே நடு. அளவுகோல் காட்டும் நடு அதுவல்ல. சாய்வுப் படத்தில் அருகிலுள்ள பாதி அகன்றும் தொலைவிலுள்ள பாதி குறுகியும் இருக்கும்.

அடுத்தது Warp. 2020 பதிப்பிலிருந்து அதில் நாம் விரும்பும் இடத்தில் கோடு போட்டுப் பிரிக்கும் வசதி வந்தது. இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறெதுவும் வரவில்லை என்பது என் கருத்து. மடிப்பு வரி ஓடும் இடத்தில் இரண்டு படுக்கைப் பிரிவுகளை மிக நெருக்கமாகப் போடுகிறேன். ஒன்று மட்டும் போட்டால் வளைவு மழுங்கி, மடிப்பு உருண்டுவிடும். இரண்டு இருந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட குறுகிய பட்டையில் திருப்பம் கூர்மையாக நிகழ்கிறது. பிறகு கட்டத்தின் செங்குத்துக் கோடுகளை இடுக்கின் வளைவுக்கு இணையாக இழுக்கிறேன். கோடுகள் ஒத்துவந்ததும் Smart Object-ஐத் திறந்து, கட்டத்தை மறைத்து, லோகோவைக் காட்டிச் சேமித்தால் போதும். உள்ளே இருக்கும் கோப்பின் அகல உயரத்தை மட்டும் மாற்றக் கூடாது; மாற்றினால் பொருத்தியதெல்லாம் குலைந்துவிடும்.

பெட்டிபோல் தட்டையான பக்கம் கொண்ட சரக்கு வண்டிகளுக்கு Vanishing Point நன்றாக உதவுகிறது. கதவு வளைந்திருந்தால் அதை நான் எடுப்பதில்லை.

இனி, இடுக்கைத் தாண்டும் பெயர். இடுக்கில் எழுத்து காணாமல்போகிறதே என்று அடுத்த பாதியைத் தள்ளிவைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நடைமுறையில் ஸ்டிக்கரை இரண்டு கதவுகளின் மேலும் ஒரே துண்டாக ஒட்டி, இடுக்கின் வழியே கத்தியால் கீறி, விளிம்புகளை உள்ளே மடித்துவிடுவார்கள். சில மில்லிமீட்டர் அகலத்துக்கு எழுத்து இடுக்குக்குள் போய்விடும். ஆகவே படத்திலும் எழுத்து தன் இடத்திலேயே இருக்க, இடுக்கின் கருமையை மட்டும் மாஸ்க்கால் மறைக்க வேண்டும். கவனிக்க வேண்டியது விளிம்பு. தகடு உள்ளே திரும்பும் இடத்தில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு இருக்கும். மாஸ்க் அதையும் சேர்த்து வெட்டிவிட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரியும். காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். அந்த விளிம்பின் மேலும் லோகோவின் நிறம் ஓட வேண்டும். வெளிச்சக் கோடு அதன் மேல் தனி லேயராக வர வேண்டும்.

பிரதிபலிப்புதான் மிகுந்த பொறுமை கேட்பது. வெள்ளை வேனில் கருநீல லோகோவை Multiply முறையில் வைத்தால் நிழல்கள் சரியாக வந்துவிடும். ஆனாலும் படம் உயிரில்லாமல் இருக்கும். காரணம் இது. வண்டியின் பளபளப்பு, நிறத்தின் மேல் பூசிய தெளிவான பூச்சிலிருந்து வருகிறது. நேராகப் பார்க்கும்போது அந்தப் பூச்சு தன் மீது விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. சாய்வாகப் பார்க்கப் பார்க்க இது கூடும். வெள்ளை நிறமோ ஒளியின் பெரும்பகுதியைத் தானே சிதறடிக்கிறது. அதன் நடுவே அந்த 4 சதவீதம் கண்ணுக்குப் படுவதில்லை. பளபளப்பான கருநீல வினைல் மிகக் குறைவாகவே சிதறடிக்கும். அங்கே அதே 4 சதவீதம் தெளிவாகத் தெரியும். அதாவது வெள்ளைக் கதவில் கண்ணுக்கே படாத வானமும் மரங்களும், அதே கதவில் ஒட்டிய கருநீல வட்டத்தில் துலங்க வேண்டும். Multiply இதைத் தராது. ஒளியைக் குறைக்க மட்டுமே அதற்குத் தெரியும். பிரதிபலிப்போ கூட்டப்படும் ஒளி.

ஆகவே லோகோவுக்கு மேலே பிரதிபலிப்புக்கென ஒரு லேயரை Screen முறையில், லோகோவுக்குள் மட்டும் தெரியும்படி வைக்கிறேன். அதற்கான படத்தைக் கதவிலிருந்தே எடுக்கலாம். கதவின் நகலை நிறமற்றதாக்கி, Curves கொண்டு மிக வெளிச்சமான பகுதி தவிர மற்றதைக் கறுப்பாக்கி, இலேசாக மங்கலாக்குகிறேன். லேயரின் அடர்த்தி பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதத்துக்குள் நிற்கிறது. வெள்ளைக் கதவு முழுவதும் 255 அளவுக்கு வெளுத்துப்போயிருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அதில் எடுக்க ஒன்றும் இருக்காது. நானே படம் எடுக்கும்போது, கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸில் போலரைசரை மாட்டி, அதைத் திருப்பி இரண்டு படம் எடுக்கிறேன்: ஒன்றில் பிரதிபலிப்பு அதிகம், மற்றதில் மிகக் குறைவு. வெளிச்ச அளவை இரண்டுக்கும் ஒன்றாகவே வைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றை Difference முறையில் வைத்தால் பிரதிபலிப்பு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. சாய்வுக் கோணத்தில் இது அழகாக வேலை செய்கிறது. கதவுக்கு நேர் எதிரே நின்று எடுத்தால் பெரிய பயனில்லை.

கறுப்பு வண்டியில் வெள்ளை லோகோ என்றால் கணக்கு தலைகீழ். கதவில் பிரதிபலிப்பு பளிச்சென்று தெரியும். வெள்ளை எழுத்தின் மேல் அது அடங்கிவிட வேண்டும். மிகக் கூர்மையான வெயில் பளிச்சீடுகள் மட்டும் எழுத்தையும் மீறித் தெரியலாம். அதற்கு Blend If-இல் அடி லேயருக்கான வெள்ளை முனையை Alt அழுத்திப் பிரித்து நகர்த்துவது போதும். வெள்ளை வண்டியில் அதைத் தொட்டால் லோகோ முழுவதுமே கரைந்துபோகும்.

முடிவில் கருநீலத்தின் கருமையை இடுக்கின் கருமையோடு ஒப்பிடுகிறேன். வெளிச்சம் படும் ஸ்டிக்கர் எவ்வளவு இருண்ட நிறமாக இருந்தாலும் இடுக்கின் உள்ளிருட்டைவிடச் சற்று வெளிச்சமாகவே இருக்கும். எழுத்தின் ஓரம் இடுக்கின் ஓரத்தைவிடக் கூர்மையாக இருந்தால், 0.5 பிக்சல் அளவில் மங்கலாக்குகிறேன்.

கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழிவிலும் அடியிலுள்ள சொரசொரப்பான பிளாஸ்டிக் பட்டையிலும் லோகோ ஏறாதபடி வைக்கிறேன். குழிவில் இழுத்து ஒட்டிய வினைல் நாளடைவில் எழும்பி நிற்கும். அந்த பிளாஸ்டிக்கில் பசை சரியாகப் பிடிக்காது. படத்தில் மட்டும் அங்கே ஒட்டிக் காட்டினால், ஒட்டுபவரால் நிறைவேற்ற முடியாத ஒன்றை வாடிக்கையாளருக்கு வாக்களித்ததாகிவிடும். மறைத்துவைத்த கட்டத்தையும் கோப்பிலிருந்து நீக்குவதில்லை. சின்னத்தின் நடு கதவிடுக்கிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், அடிவிளிம்பிலிருந்து எத்தனை என்று ஒட்டுபவர் கேட்கும்போது, அதை எண்ணித்தான் விடை சொல்கிறேன்.