கன்று பரிசு, குழி நிபந்தனை: சில பருவங்கள் நடத்திப் பார்த்த பிறகு

பாலக்கோட்டில் சொட்டுநீர்க் கருவிகள் விற்கும் நண்பர், கடையின் பெயர் பரவ ஒரு செல்போனைப் பரிசாக வைத்துப் போட்டி நடத்தலாமா என்று கேட்டார். சந்தூரில் ஒட்டு மாங்கன்றுப் பண்ணை நடத்தும் நான் சில பருவங்களாக இதே வேலையைச் செய்துவருவதால், அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

செல்போன் வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். அது எல்லோருக்கும் வேண்டிய பொருள் என்பதால், யார் வாங்குபவர், யார் பரிசுக்கு மட்டும் வந்தவர் என்று அது பிரித்துக் காட்டாது. எங்கள் பரிசு 40 ஒட்டுக் கன்றுகள். 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஏக்கருக்குப் போதுமானவை. நிலம் இல்லாதவருக்கு அவற்றால் பயனில்லை. வென்றவர் வெளியில் விற்றுவிடக் கூடாது என்பதற்காக, கன்றுகளைப் பண்ணையில் கொடுக்காமல் அவருடைய நிலத்திலேயே கொண்டுபோய் இறக்குகிறோம்.

நுழைவு நிபந்தனையும் பரிசைப் போலவே ஆளைப் பிரிக்க வேண்டும். எங்களிடம் கலந்துகொள்ள எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் 3 அடி நீள, அகல, ஆழத்தில் வெட்டிய ஒரு குழியின் படத்தை அனுப்பி, மண் எப்படிப்பட்டது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பெங்களூராவா செந்தூராவா, ஏன் அந்த ரகம் என்று நான்கு வரி எழுத வேண்டும். அறிவிப்பை ஏப்ரல் கடைசியில் விடுவதற்குக் காரணம் உண்டு. ஜூன், ஜூலை மழையில் நட நினைப்பவர் கோடையிலேயே குழி வெட்டி வெயிலில் ஆறப்போடுவார். அவருக்கு எங்கள் நிபந்தனை கூடுதல் வேலையே அல்ல. பரிசுக்காக மட்டும் வருபவர் கடப்பாரையைத் தொடமாட்டார்.

வென்றவரைக் குலுக்கலில் எடுப்பதில்லை. பொருள் வாங்குபவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பரிசு தரும் திட்டங்களை 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே மூத்த விவசாயிகள் இருவர் பதில்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் போட்டி நடத்தினாலும் விதிகளை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. பகிர்ந்தால் பரிசு, நண்பர்களை டேக் செய்தால் பரிசு என்ற முறையை பேஸ்புக்கின் விதிகளும் அனுமதிப்பதில்லை. அனுமதித்திருந்தாலும் அது எனக்குப் பயன்படாது. டேக் செய்யப்படுபவர் தாமாக வந்தவர் அல்லர்.

எதிர்பாராத மகிழ்ச்சி தோற்றவர்களிடமிருந்து வந்தது. ஒவ்வொரு நுழைவும் மண், தண்ணீர், ரகம், நடவுக் காலம் ஆகியவற்றைத் தாங்கிய ஒரு விசாரணைக் கடிதம். முடிவு வெளியான வாரத்திலேயே, தோற்றவர் ஒவ்வொருவரையும் அழைத்து, அவருடைய மண்ணுக்கு எது ஏற்றது என்று பேசுகிறோம். தள்ளுபடியைப் பற்றி அவர் கேட்டால் மட்டும் பேசுகிறோம். டிசம்பரில் பில் புத்தகத்தின் தொலைபேசி எண்களை நுழைவுப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன். போட்டி பலித்ததா என்பதற்கு எனக்கு அதுதான் கணக்கு. விருப்பக்குறிகளை நான் எண்ணுவதில்லை. முதல் ஆண்டு வாங்கியவர், பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்ய அடுத்த ஆண்டும் வந்தால், அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது என்று பொருள்.

ஆனால் ஒரு தொல்லை ஒவ்வொரு பருவமும் என் பொறுமையைத் தின்கிறது. ஒரே குழி பல பெயர்களில் வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக் குழியைப் படமெடுத்து, வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டு, நிலமே இல்லாதவர்கள் அனுப்புகிறார்கள். குழியின் ஓரத்தில் அன்றைக்கு நாங்கள் சொல்லும் ஒரு சொல்லைத் தாளில் எழுதி வைத்துப் படமெடுக்கச் சொன்னோம். தாளை மட்டும் மாற்றி அதே குழியில் எடுக்கிறார்கள். மண்ணின் நிறம், ஒரே கல், ஒரே வேலிக்கால் என்று ஒவ்வொரு படத்தையும் கூர்ந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மாங்காய் அறுவடைக்கு நடுவே, இரவு வெகுநேரம் வரை அந்த வேலை. உண்மையாகக் குழி வெட்டிக் காத்திருக்கும் ஒருவரின் இடத்தை இவர்கள் பறிக்கப் பார்க்கிறார்கள் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நண்பருக்கு வருவோம். சொட்டுநீர்த் தொகுதியையே பரிசாக வைப்பதும் அவருக்குப் பொருந்தாது. சிறு, குறு விவசாயிகளுக்கு அரசின் 100 சதவீத மானியம் இருக்கும்போது, அதற்காகப் போட்டிக்கு வர வேண்டிய தேவை அவர்களுக்குக் குறைவு. ஓராண்டுப் பராமரிப்பைப் பரிசாக வைக்கச் சொன்னேன்: வடிகட்டி கழுவுதல், குழாய்களை அலசிவிடுதல், உப்பு அடைத்த சொட்டுவான்களுக்கு அமிலச் சிகிச்சை. உப்புத் தண்ணீரில் சொட்டுவான் அடைத்து அவதிப்படுபவர் மட்டுமே அதைக் கேட்டு வருவார். நாளைக்குப் புதிய பக்கவாட்டுக் குழாய் வாங்கப் போகிறவரும் அவர்தான். அடைபட்ட சொட்டுவானின் படத்தை நுழைவாகக் கேட்கலாம், ஆனால் வென்றவரை அறிவிக்கும் முன் அவருடைய வயலை நேரில் பார்த்துவிட வேண்டும்.

என் பண்ணைக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர்களை வேறு எந்த விளம்பரமும் கொண்டுவரவில்லை. ஆயினும் வரும் கோடையில் நான் இதை இணையத்தில் அறிவிக்கப் போவதில்லை. பண்ணைக்கு நேரில் வருபவர்களிடம் மட்டும் ஒரு தாளைக் கொடுத்து, அவர்களுடைய குழியை நானே போய்ப் பார்க்கப் போகிறேன்.