இரு புருவங்களுக்கு நடுவே: நான்கு ஆண்டுகளாக நான் கையாளும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து பழக்குலை ஏற்றி வரும் லாரிகளை எடை போடும் வேலை எனக்கு. எடை மேடையின் சன்னல் சிறியது என்பதால், நாள் முழுவதும் ஓட்டுநர்கள் என் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள். அப்பா வழியில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் கூட்டுப் புருவம்தான். என் இரு புருவங்களுக்கு இடையில் ஏறக்குறைய புருவத்தின் அளவுக்கே கறுத்த முடி இருந்தது. களைத்திருக்கும் வேளையில் கோபமாக இருக்கிறேன் என்று பலர் நினைத்துக்கொண்டதால், அதைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சவரக் கத்தி, நூல், ட்வீசர் ஆகிய மூன்றையும் பயன்படுத்திப் பார்த்து, கடந்த நான்கு ஆண்டுகளாக ட்வீசரோடு மட்டும் நிற்கிறேன்.

முதலில் நம்பியது முடிவெட்டும் கடையைத்தான். பிடரியை மழித்து முடித்ததும் அதே கத்தியால் புருவ நடுவையும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவார்கள். வலி இல்லை, செலவும் இல்லை. ஆனால் கத்தி முடியைத் தோலின் மட்டத்தில் குறுக்காக வெட்டுகிறது. இயல்பான முடியின் நுனி கூர்மையாகத் தேய்ந்திருக்கும். வெட்டிய முடிக்கோ தட்டையான, அகன்ற முனை. ஆகவே இரண்டாம் நாளே அந்த இடத்தில் தாடி முளைப்பது போன்ற கருநிழல் தெரியத் தொடங்கியது. மழித்தால் முடி தடித்து வளரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது உண்மையல்ல. வேரில் எதுவும் மாறுவதில்லை. இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்குத் தடித்ததாகத் தெரியும் என்பது உண்மைதான், கத்தியை விட எனக்கு அதுவே போதுமான காரணமாயிற்று.

அடுத்து நூல். பட்டணத்தில் ஓர் அழகு நிலையத்தில் அந்த அக்கா வேகமாகவும் சுத்தமாகவும் செய்துகொடுத்தார். மறுநாள் காலை எடை மேடைக்கு வந்த முதல் ஓட்டுநர், சீட்டை வாங்கும் முன்பே, “என்ன தம்பி, புருவம் எடுத்தீங்களா?” என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. கண்ணில் பட்டதைக் கேட்டார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் போய், இன்னும் கொஞ்சம் முடியை விட்டுச் செய்யச் சொன்னேன். அப்போதும் எடுத்தது தெரிந்தது. குறை அந்த அக்காவின் கையில் இல்லை என்பது அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது.

நூல் கறுத்த முடியை மட்டும் பறிப்பதில்லை. தோலின் மேல் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூனைமுடியையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. நெற்றியிலும் கன்னத்திலும் அந்த மென்முடி இருக்கும்போது, இரு புருவங்களுக்கு நடுவில் மட்டும் அது இல்லாவிட்டால், அந்த இடத்துத் தோல் வெளிச்சத்தில் தனியாகப் பளபளக்கும். ஆணின் முகத்தில் ‘எடுத்தது’ என்று சொல்லவைப்பது முதலில் இந்தப் பளபளப்பு. அதற்கும் மேலாக விளிம்பு. இயற்கையில் புருவம் கோடு போட்டதுபோல் தொடங்குவதில்லை. மூக்கை ஒட்டிய பகுதியில் மேல்நோக்கி நிற்கும் சில மெல்லிய முடிகள், அவற்றிற்கு அப்பால் கொஞ்சம் அடர்த்தி, பிறகு முழு அடர்த்தி என்று படிப்படியாகவே வருகிறது. நூலோ மெழுகோ அந்தப் படிகளை அழித்து நேரான செங்குத்துக் கோட்டை விட்டுச்செல்கிறது. இடைவெளி அகலமா குறுகலா என்பதைவிட, அதன் ஓரம் கூர்மையா மங்கலா என்பதே தோற்றத்தைத் தீர்மானிக்கிறது. நான்கு ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் முதன்மையானது இதுவே. கீழே சொல்லும் முறை முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் அளவுகோலை எடுத்து, என் கண்களின் உள்மூலைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தேன், 34 மில்லிமீட்டர். பெண்களுக்குப் புருவம் சீர்செய்பவர்கள் பெரும்பாலும் கண்ணின் உள்மூலைக்கு நேர் மேலே புருவத்தைத் தொடங்கவைப்பார்கள். ஆணுக்கு அதே அளவை எடுத்தால் இரு புருவங்களும் விலகி நின்று முகம் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு பக்கமும் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி என் புருவம் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மீதியுள்ள 24 மில்லிமீட்டரில் நடுவே 14 மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் கறுத்த முடியை முழுவதும் எடுக்கிறேன். அதன் இருபுறமும் 5 மில்லிமீட்டர் பட்டை ஒன்று இருக்கிறது. அதில் மூன்று முடிக்கு ஒன்று என்ற கணக்கில் மட்டும், அதுவும் தடித்ததாகவும் நீளமாகவும் உள்ளதைப் பார்த்து எடுக்கிறேன். அதற்கு வெளியே கை வைப்பதே இல்லை. புருவத்தின் மேல் ஓரத்தையும் பூனைமுடியையும் தொடுவதில்லை. அவரவர் முகத்துக்கு எண்கள் மாறும். நடுவில் வெறுமை, இருபுறமும் மெலிந்த பட்டை, பிறகு தொடாத புருவம் என்ற அமைப்பு மாறாது.

பத்து நாளுக்கு ஒருமுறை, குளித்து முடித்த கையோடு, தோல் இளகியிருக்கும்போது செய்கிறேன். குளியலறை விளக்கு தலைக்கு மேலிருந்து அடிப்பதால் புருவத்தின் நிழலே முடிபோலத் தெரிந்து ஏமாற்றும். காலை வெயில் வரும் சன்னலுக்கு எதிரே கண்ணாடியை வைத்துக்கொள்வதுதான் சரி. பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வேண்டவே வேண்டாம், அதில் பார்த்தால் எல்லா முடியும் குற்றவாளியாகத் தெரியும். ட்வீசரின் முனையை ஆல்கஹால் துடைப்பானால் துடைத்துவிட்டு, இடது கையால் தோலை லேசாக இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு முடியாக, அடியோடு ஒட்டிப் பிடித்து, அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுக்கிறேன். நட்டநடுவில் தொடங்கி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிச் செல்கிறேன். ஐந்தாறு முடி எடுத்ததும் ஒரு கை தூரம் பின்வாங்கிப் பார்க்கிறேன். எடுக்கலாமா வேண்டாமா என்று தயக்கம் வரும் முடியை அடுத்த முறைக்கு விட்டுவிடுகிறேன்.

பிடுங்கிய முடியைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் அடியைப் பார்க்க வேண்டும். வேரோடு வந்த முடியின் அடியில் கடுகின் துளியளவுகூட இல்லாத ஒரு வெண்மையான குமிழ் அல்லது சற்றே பிசுபிசுப்பான உறை இருக்கும். அடி வெறுமையாக, வெட்டியதுபோல் இருந்தால் முடி பாதியில் முறிந்துவிட்டது என்று பொருள். முறிந்த முடி தோலுக்குள் வளைந்து வளர்ந்து சின்னக் கொப்புளமாக எழும்பக்கூடும். தொடர்ந்து இரண்டு மூன்று முடிகள் அப்படி முறிந்தால் குறை பெரும்பாலும் ட்வீசரில்தான் இருக்கும். முனையை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், நடுவில் கீற்றாக ஒளி வருவது தெரியும். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய என் முதல் ட்வீசர் நான்கு மாதத்திலேயே அப்படி ஆனது. அதன் பிறகு மருந்துக் கடையில் வாங்கிய சாய்முனை ட்வீசர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக நன்றாகவே இருக்கிறது. அதைக் கீழே போடாமல் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

முதல் மாதத்தில் பலர் கைவிடுவதற்குக் காரணம், எடுத்த நான்காம் நாளே மறுபடி முடி தெரிவதுதான். அது எடுத்த முடி திரும்பி வந்ததல்ல. எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. நாம் எடுத்த அன்று தோலுக்கு அடியில் இருந்தவை இப்போது வெளியே வருகின்றன. வேரோடு எடுத்த முடி திரும்பிவரப் பல வாரங்கள் ஆகும். எனக்கு மூன்றாம் சுற்றுக்குப் பிறகு ஒருமுறைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முடி எடுத்தால் போதும் என்ற நிலை வந்தது.

இரண்டாம் ஆண்டு தீபாவளிக்கு முன் ஒரு தவறு செய்தேன். புகைப்படம் எடுப்பார்கள் என்று இரவில், குழல்விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, வலப்புறம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதைச் சமன்செய்ய இடப்புறம், மறுபடி வலப்புறம் என்று போய், இரண்டு பக்கமும் மெலிந்த பட்டை முழுவதும் காணாமல் போயிற்று. அண்ணி பார்த்த உடனே, “கண்ணு ரெண்டும் தள்ளிப் போன மாதிரி இருக்கு” என்றார். செய்யக்கூடியது ஒன்றுதான்: ட்வீசரை உள்ளே வைத்துவிட்டு, நடுவிலுள்ள 14 மில்லிமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருப்பது. ஏறக்குறைய ஆறாம் வாரம் மெல்லிய முடிகள் எட்டிப்பார்த்தன. பழைய அடர்த்தி வர மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகப் பிடுங்கிக்கொண்டே இருந்தால் சில வேர்கள் நிரந்தரமாக ஓய்ந்துவிடக்கூடும் என்பதால், ஓரத்தில் அவசரம் கூடவே கூடாது.

நம்மவர்களுக்கு இன்னொன்றும் முக்கியம். இது விபூதியும் சந்தனமும் குங்குமமும் வைக்கும் இடம். பிடுங்கிய அன்றே கோயிலுக்குப் போய்க் குங்குமம் வைத்தபோது எரிச்சலும், மறுநாள் சிவந்த பொரிகளும் வந்தன. இப்போது தைப்பூசத்துக்கோ திருவிழாவுக்கோ குறைந்தது இரண்டு நாள் முன்னதாக முடித்துவிடுகிறேன். எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி, அன்று முழுவதும் எதுவும் பூசாமல் விடுகிறேன். பொரி எழுந்தால் கிள்ளக் கூடாது. நம் தோலில் கிள்ளிய இடம் கறுத்து, அந்தக் கறை மாறப் பல மாதங்கள் ஆகும். முகப்பருவுக்கு அடப்பலீன் அல்லது டிரெட்டினோயின் பூசுபவர்கள் அந்த இடத்தில் மெழுகு போடவே கூடாது. மேல்தோல் உரிந்து வந்துவிடக்கூடும். அடிக்கடி கொப்புளம் வருபவர்களுக்கும், காயம் ஆறினால் தழும்பு தடித்து எழும்பும் உடல்வாகு உள்ளவர்களுக்கும் பிடுங்குவதைவிடச் சிறிய முக டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் நீளம் விட்டு வெட்டுவது பாதுகாப்பானது. லேசான நிழல் தெரியும். ஆனால் முடி உள்ளே வளராது.

என் அண்ணன் மகனுக்கு வயது பத்தொன்பது. சென்ற ஆண்டு என்னிடம் வந்து, “சித்தப்பா, எனக்கும் எடுத்து விடுங்க” என்றான். அவனுக்கு நடுவில் முடி என்னைவிட அடர்த்தி. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்காமல், முதல் வாரம் நடுவில் 6 மில்லிமீட்டர், இரண்டாம் வாரம் 10, மூன்றாம் வாரம் 14 என்று விரித்தேன். ஓரப் பட்டையை நான்காம் வாரம்தான் தொட்டேன். கல்லூரியில் அவன் நண்பர்கள் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. அவன் அம்மா மட்டும் ஐந்தாம் வாரம், பையன் இப்போது நேரத்துக்குத் தூங்குகிறான் போலிருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது என்றார்.