கொம்புச்சாவில் ஆல்கஹால்: துணி கட்டிய ஜாடியா, இறுக மூடிய பாட்டிலா?

சர்க்கரை போட்ட டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் கொம்புச்சாவில் ஆல்கஹால் இருக்கிறதா என்றால், இருக்கிறது. எவ்வளவு என்பதில்தான் விஷயம். ஒரே ஜாடி டீயை வாயில் துணி கட்டி வைத்தால் ஒரு கணக்கு, பாட்டிலில் ஊற்றி இறுக மூடினால் வேறு கணக்கு. அதையே சேலத்தில் மே மாதம் வைப்பதற்கும் ஏற்காட்டில் டிசம்பரில் வைப்பதற்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் மதுபானம் என்று சொல்ல அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்க வேண்டும். கொம்புச்சா அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும் பானம்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நமக்குக் கள் போதும். சுண்ணாம்பு தடவாத பானையில் இறங்கும் பனஞ்சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிறது, அதை அப்படியே விட்டால் புளித்துக் காடியாகிறது. முதல் வேலை ஈஸ்டுடையது: சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடும். இரண்டாவது வேலை அசிட்டிக் பாக்டீரியாவுடையது: அந்த ஆல்கஹாலைக் காடி அமிலமாக மாற்றும். கள்ளில் இவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. கொம்புச்சாவில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஈஸ்ட் சமைக்கச் சமைக்க பாக்டீரியா சாப்பிட்டுவிடுகிறது. மேலே மிதக்கும் பால் ஆடை போன்ற தடித்த ஸ்கோபி, பாக்டீரியா தனக்காக நெய்துகொண்ட செல்லுலோஸ் படுக்கைதான். காற்று படும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதால் அது மேற்பரப்பிலேயே உருவாகிறது.

இந்தக் காற்றுதான் முழுக் கதையும். ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் வேலை ஓடும். பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இல்லாமல் ஆல்கஹாலைத் தொட முடியாது.

துணி கட்டிய ஜாடி

மூன்று லிட்டர் அளவுக்கு ஒரு கணக்கு: தண்ணீர் இரண்டரை லிட்டர், தேயிலை 15 கிராம், வெள்ளைச் சர்க்கரை 200 கிராம். டீ நன்றாக ஆறிய பிறகு, முந்தைய தடவை புளித்த கொம்புச்சா 400 மில்லியும் ஸ்கோபியும் சேர்க்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போலத்தான், ஆனால் இங்கே உறையின் அளவைக் குறைக்கக் கூடாது. அதிலுள்ள புளிப்புதான் முதல் சில நாள் பூஞ்சையை அண்டவிடாமல் காக்கிறது. அகலமான வாயுள்ள நாலு லிட்டர் கண்ணாடி ஜாடி நல்லது. குறுகிய கழுத்து ஜாடியில் காற்று படும் பரப்பு குறைவதால் ஆல்கஹால் கொஞ்சம் கூடும். பித்தளை, அலுமினியம், பழைய பீங்கான் ஊறுகாய் ஜாடி எதுவும் வேண்டாம். அமிலம் உலோகத்தை அரிக்கும், சில பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும். வாயில் கட்டுவதற்கு மெல்லிய மஸ்லின் போதாது, பழ ஈ உள்ளே நுழைந்துவிடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக் கட்டினால் சரி.

இந்த வழியில் ஆல்கஹால் முதலில் ஏறி, பிறகு இறங்கும். நாளாக நாளாகப் போதை ஏறும் என்று பலர் நினைப்பதற்கு நேர் எதிர். மூன்று வாரம் கிடந்த ஜாடியில் புளிப்பு வாயைக் கூசவைக்கும், ஆல்கஹால் குறைந்திருக்கும். குடிக்கத் தகுந்த பருவத்தில் பெரும்பாலும் அரை சதவீதத்தை ஒட்டி, கொஞ்சம் கீழோ மேலோ இருக்கும்.

சேலத்துக் கோடையில் அறையே 35 டிகிரியைத் தாண்டும்போது ஈஸ்ட் பாக்டீரியாவை முந்திக்கொண்டு ஓடும். நுரை அதிகமாகி, ஜாடிக்குள் பழுப்பு நூல் நூலாகத் தொங்கும். அது கெட்டுப்போன அடையாளமல்ல, ஈஸ்ட் பெருகிய அடையாளம். ஐந்தாம் நாளே ருசி பார்த்துவிட வேண்டும். வீட்டில் வெயில் படாத தரை மூலைதான் சரியான இடம். ஏற்காட்டில் குளிர்காலத்தில் பிரச்சினை வேறு: எல்லாமே மந்தமாகி இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும், புளிப்பு ஏறத் தாமதமாவதால் பூஞ்சை வரும். உலர்ந்து, பஞ்சு போல, பச்சையாகவோ கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆடையின் மேல் படர்ந்தால் அது பூஞ்சை. மேலாக வழித்தெடுத்துப் பயனில்லை. ஸ்கோபியோடு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். பி.எச். காகிதம் வைத்திருப்பவர்கள் 3-ஐ ஒட்டி வந்ததும் நிறுத்தலாம்.

இறுக மூடிய பாட்டில்

பொங்கும் கொம்புச்சா வேண்டும் என்பவர்கள் இதைப் பழத்தோடு பாட்டிலில் அடைப்பார்கள். மூடி இறுகியதும் பாக்டீரியாவின் மூச்சு நின்றுவிடும். ஈஸ்ட் மட்டும் வேலை செய்யும். சாப்பிட ஆளில்லாமல் ஆல்கஹால் சேரத் தொடங்கும்.

அரை லிட்டர் பாட்டிலில் மல்கோவா கூழ் 50 கிராம் போட்டதாக வைத்துக்கொள்வோம். அதில் சர்க்கரை சுமார் 7 கிராம். ஈஸ்ட் சர்க்கரையை ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரிக்கும்: ஆல்கஹால் மூன்றரை கிராம், வாயு மூன்றரை கிராம். அந்த ஆல்கஹால் அரை லிட்டரில் கிட்டத்தட்ட 0.9 சதவீதம். ஜாடியிலிருந்து வந்தது இதற்கு மேல். டீயிலும் சர்க்கரை பாதிக்கு மேல் மிச்சமிருப்பதால், வெளியே விட்டால் இரண்டு சதவீதத்தைத் தாண்டவும் இடமுண்டு. வாயுவைப் பாருங்கள். மூன்றரை கிராம் என்பது சாதாரண அழுத்தத்தில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் இடம் பிடிக்கும். அது அரை லிட்டர் பாட்டிலுக்குள் அடைபடுகிறது. சேலத்துச் சூட்டில் சாதாரணக் கண்ணாடி பாட்டில் வெடிப்பது இதனால்தான்.

இதிலிருந்து வீட்டிலேயே பயன்படும் ஒரு சோதனை கிடைக்கிறது. வாயுவும் ஆல்கஹாலும் ஏறக்குறைய சம எடையில் வருவதால், செயற்கையாக வாயு ஏற்றாத பாட்டில் கோலி சோடா மாதிரி சீறினால் அது 0.5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் ஊற்றி, விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். லேசாக விறைத்ததும் எல்லா பாட்டிலையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சேலத்தில் இதற்கு ஒரு நாளே அதிகம், ஏற்காட்டில் மூன்று நான்கு நாள் ஆகலாம். குளிர் ஈஸ்ட்டைத் தூங்க வைக்கும், கொல்லாது. ஒயின் தயாரிப்பவர்களின் ஹைட்ரோமீட்டரை இதில் நம்ப வேண்டாம். ஆல்கஹால் உண்டாவதும் அமிலமாக மாறுவதும் கலந்து நடப்பதால் அதன் கணக்கு பிசகும்.

எங்கள் கட்சி துணி ஜாடிதான். நுரை வேண்டுமென்றால் குடிக்கும் நேரத்தில் சோடா கலந்துகொள்ளலாம். பழத்துக்குப் பதில் இஞ்சியோ இடித்த மிளகோ போட்டால் சர்க்கரை கூடாமல் காரம் கிடைக்கும். ஆனால் குடிப்பழக்கத்தை நிறுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், சொட்டு மதுவும் கூடாது என்று விரதமிருப்பவர்கள் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. கடையில் சூடாக்கிப் பதப்படுத்திய கொம்புச்சாவில் கிருமி செத்திருக்கும், ஆல்கஹால் மேலும் ஏறாது. அதுவரை இருந்தது மட்டும் அப்படியே இருக்கலாம்.

ஏற்காட்டில் வாங்கிய உயிருள்ள பாட்டிலைக் கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கியபடி சேலத்துக்கு இறக்குபவர்கள் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். வீடு சேர்ந்ததும் நேரே ஃபிரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு, வாஷ்பேசினுக்கு மேலே பிடித்து, மூடியைக் கால் திருகு திருகி வாயுவை விட்டு விட்டுத் திறக்க வேண்டும்.